‘ஸி வூ பூவியே’வா, ‘ஸி வூ பூரியே’வா?

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவின் திருமணப் பதிவு நகலைக் கேட்டு பிரான்சிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு எழுதிய பிரெஞ்சுக் கடிதத்தில், ‘தாங்கள் அதை அனுப்ப முடிந்தால் நன்றியுடையவனாவேன்’ என்ற பொருள்படும் வாக்கியத்தில், ‘தாங்கள் முடிந்தால்’ என்பதற்கு ‘ஸி வூ பூரியே’ என்று எழுதியிருந்தேன். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் அதிலிருந்த இரட்டை ‘ர்’ரை அடித்துவிட்டு, ஒற்றை ‘வ்’ போட்டு ‘பூவியே’ என்று திருத்தினார். ‘நன்றியுடையவனாவேன்’ என்பது ஏற்கெனவே கோந்திசியோனெல் என்னும் நிபந்தனை வினை வடிவில் இருப்பதால், ‘ஸி’க்குப் பின்னால் இறந்தகால வடிவமான அம்பர்ஃபேதான் வரவேண்டும் என்றும், அங்கே அது காலத்தைக் காட்டுவதில்லை என்றும் விளக்கினார். ‘ஸி’ இல்லாமல் நேரடியாகக் கேட்கும் ‘பூரியே வூ’ சரியானது என்பதால்தான் கை தவறுகிறது போலும்.

ஆனால் அதே கடிதத்தில், ‘தாங்கள் அனுப்ப முடியுமா என்று அறிய விரும்புகிறேன்’ என்ற பொருளில் ‘ழ வூத்ரே ஸவுவார் ஸி வூ பூரியே’ என்றும் எழுதியிருந்தேன். அதை அவர் தொடவேயில்லை. தமிழில் ‘முடிந்தால்’ என்று வரும் ‘ஸி’க்குப் பின் ‘பூவியே’, ‘முடியுமா என்று’ என வரும் ‘ஸி’க்குப் பின் ‘பூரியே’ வரலாம் என்று நான் புரிந்துகொண்டது சரிதானா? இரண்டாவது இடத்தில், அலுவலகக் கடிதத்துக்கு நிகழ்காலமான ‘பூவே’ போதுமா, ‘பூரியே’ கூடுதல் பணிவாகத் தோன்றுமா? பிரெஞ்சில் கடிதப் போக்குவரத்து செய்து பழகியவர்கள் தெளிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் காரைக்கால் சென்றிருக்கிறார், கடிதத்தை வெள்ளிக்கிழமை அஞ்சலில் சேர்க்க வேண்டும்.