முதல் பகுதியில் சமன்பாடு தவறினால் பின்வரும் பகுதிகளுக்கு எவ்வளவு மதிப்பெண் தருவது?

வளர்மதி (கேள்வி)

வணக்கம். இருபடிச் சமன்பாட்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருக்கிறேன். ஒரு வினாவில் முடிவுக்கு வர முடியவில்லை. வினா இதுதான்: ஒரு செவ்வகத்தின் அகலம் x மீட்டர்; நீளம், அகலத்தின் இரு மடங்கைவிட 5 மீட்டர் அதிகம்; பரப்பளவு 52 சதுர மீட்டர். (அ) x-இல் ஓர் இருபடிச் சமன்பாட்டை அமைக்க வேண்டும், 3 மதிப்பெண். (ஆ) அதைத் தீர்த்து x-ஐக் காண வேண்டும், 4 மதிப்பெண். (இ) சுற்றளவைக் காண வேண்டும், 3 மதிப்பெண். சரியான விடைகள் 2x² + 5x − 52 = 0, x = 4, சுற்றளவு 34 மீட்டர்.

முதல் மாணவர் நீளத்தை 2(x + 5) என்று எடுத்துக்கொண்டார். அதனால் அவருக்கு x² + 5x − 26 = 0 என்ற சமன்பாடு வந்தது. சூத்திரத்தைப் பயன்படுத்தி 3.18, −8.18 என்னும் இரு மூலங்களைக் கண்டு, குறை மதிப்பை நீக்கிவிட்டு, நீளம் 16.36 என்றும் சுற்றளவு 39.08 என்றும் முடித்திருக்கிறார்.

இரண்டாம் மாணவர் x(2x + 5) = 52 என்று சரியாகத்தான் எழுதினார். ஆனால் அடைப்பைப் பெருக்கும்போது 5-ஐ x-ஆல் பெருக்காமல் 2x² + 5 = 52 என்று இறக்கிவிட்டார். அங்கிருந்து x² = 23.5, x = ±4.85 என்று கண்டு, குறை மதிப்பை நீக்கி, நீளம் 14.7, சுற்றளவு 39.1 என்று எழுதியிருக்கிறார்.

விடைக்குறிப்பில் "முந்தைய பகுதியின் பிழையைத் தொடர்ந்து வரும் சரியான செய்முறைக்கு மதிப்பெண் உண்டு" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இவ்விருவருக்கும் (ஆ), (இ) பகுதிகளில் ஒரே அளவு தரலாமா?

ராஜன்

ஒரு பிழைக்கு ஒரு முறைதான் தண்டனை என்பது அடிப்படை. இருவரும் (அ) பகுதியில் ஒரே ஒரு பிழை செய்துள்ளனர். அங்கே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, மற்ற பகுதிகளில் அவரவர் எண்ணை வைத்துச் சரியாகச் செய்திருப்பதால் முழுவதும் தந்துவிடலாம். இருவருக்கும் பத்துக்கு ஒன்பது. இதில் இவ்வளவு யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

மணிமேகலை

வினாவிலேயே 2x² + 5x − 52 = 0 எனக் காட்டுக என்று சமன்பாடு கொடுக்கப்பட்டிருக்கும்போது, மாணவர்கள் தங்கள் தவறான சமன்பாட்டைத் தொடர்ந்ததற்கு எப்படி மதிப்பெண் தருவது? (ஆ) பகுதிக்குக் கொடுத்த சமன்பாட்டையே எடுத்திருக்க வேண்டாமா?

வளர்மதி

இல்லை அம்மா, சமன்பாடு வினாத்தாளில் அச்சிடப்படவில்லை. "அமைக்க" என்றுதான் கேட்டிருக்கிறோம்.

சிவப்புமை

மணிமேகலை அவர்கள் வினாவை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாலும், அவர் சொன்ன நிலைமை தனியாகக் கவனிக்கத்தக்கது. விளைவை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அதை நிறுவச் சொல்லும் வினாக்களில், (அ) பகுதியில் தோற்றவரும் அச்சிட்ட சமன்பாட்டைக் கொண்டு (ஆ) பகுதியை முழுமையாகச் செய்ய முடியும். அங்கே தன் தவறான சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்குத் தொடர் மதிப்பெண் கேட்க இடமில்லை. உங்கள் வினா அப்படிப்பட்டதன்று.

ராஜன் ஐயா சொன்னதில் பாதி சரி. ஒரே பிழைக்கு இரு முறை தண்டிக்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பின்வரும் பகுதியில் எந்தத் திறனுக்காக மதிப்பெண் வைத்தோமோ அந்தத் திறனை மாணவர் காட்டியிருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். இன்டர்நேஷனல் பாக்கலோரியட் கணிதத் தாள்களின் மதிப்பீட்டுக் குறிப்பிலும், பிழையால் கணக்கு மிகவும் எளிதாகிவிட்டால் தொடர் மதிப்பெண்ணைக் குறைத்துத் தரலாம் என்பது இருக்கிறது. உங்கள் இரண்டாம் மாணவருக்கு நடந்தது அதுதான்.

முதலில் முதல் மாணவரை எடுத்துக்கொள்வோம். (அ) பகுதியின் 3 மதிப்பெண்ணை நீளத்திற்கு ஒன்று, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 52-க்குச் சமப்படுத்தியதற்கு ஒன்று, இறுதிச் சமன்பாட்டுக்கு ஒன்று என்று பிரித்தால், நீளமும் சமன்பாடும் போய்விடுகின்றன. பெருக்கி அமைத்த செய்முறைக்கு 1 கிடைக்கிறது. இறுதிச் சமன்பாடு அதே பகுதிக்குள் நேர்ந்த பிழையின் விளைவு என்பதால் அதற்குத் தொடர் மதிப்பெண் தர மாட்டேன். தொடர் மதிப்பெண் என்பது அடுத்த பகுதிக்குச் செல்லும்போதுதான் தொடங்குகிறது. (ஆ) பகுதியில் அவர் x² + 5x − 26 = 0 என்னும் மூன்று உறுப்புள்ள சமன்பாட்டைத் தீர்த்திருக்கிறார். சரியான சமன்பாட்டை (2x + 13)(x − 4) என்று காரணிப்படுத்திவிடலாம். இவருடையது முழு எண்களில் காரணிப்படாது என்பதால் சூத்திரத்தின் துணையோடு கொஞ்சம் கூடுதலாகவே உழைத்திருக்கிறார். 3.18-ஐ அவருடைய சமன்பாட்டில் இட்டால் 10.11 + 15.90 − 26, ஏறத்தாழ 0.01 வருகிறது, ஆகவே புதிய பிழை எதுவும் இல்லை. 4 மதிப்பெண்ணும் உண்டு. (இ) பகுதியில் 2(3.18 + 16.36) = 39.08, அதற்கும் 3. மொத்தம் 8.

இரண்டாம் மாணவருக்கு (அ) பகுதியில் நீளமும் பெருக்கலும் சரி, சமன்பாடு மட்டும் தவறு, ஆகவே 2. ஆனால் (ஆ) பகுதியில் அவர் தீர்த்தது x² = 23.5. நடு உறுப்பே காணாமல் போனதால் காரணிப்படுத்தவோ சூத்திரத்தில் இடவோ தேவை ஏற்படவில்லை. அந்தச் செய்முறைக்காக வைத்த 2 மதிப்பெண்ணை, செய்யாத வேலைக்குத் தருவது நியாயமன்று. தன் சமன்பாட்டின் மூலத்தைச் சரியாகக் கண்டதற்கு ஒன்றும், குறை மதிப்பைக் காரணத்தோடு நீக்கியதற்கு ஒன்றும் தரலாம். (இ) பகுதியின் கடினம் சிறிதும் குறையவில்லை என்பதால் அங்கே முழு 3. மொத்தம் 7. ஆக (அ) பகுதியில் கூடுதலாக வாங்கியவர் மொத்தத்தில் பின்தங்குகிறார். இது முதலில் உறுத்தும். என்றாலும் அவர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கக் கூடியவரா என்பதற்கு அந்தத் தாளில் சான்றே இல்லை.

இன்னொன்று. 39.08, 39.1 என்ற இரு விடைகளும் தற்செயலாக நெருங்கியிருக்கின்றன. கட்டுக் கட்டாகத் திருத்தும்போது "39.1 வந்தால் தொடர் மதிப்பெண்" என்று மனத்தில் பதிந்துவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. ஒருவருக்குச் சுற்றளவு 6x + 20, மற்றவருக்கு 6x + 10, வழிகள் வேறு. விடையைப் பார்த்து மதிப்பெண் போடாமல், அவரவர் x-இலிருந்து ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

பாத்திமா

எனக்கு வேறு மாதிரியான சிக்கல் வந்தது. என் வினாவில் x என்பது ஆட்களின் எண்ணிக்கை. பிழை தொடர்ந்ததில் ஒருவருக்கு 7.3 ஆட்கள் என்று வந்தது. அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். செய்முறை மதிப்பெண்களைத் தந்துவிட்டு, இறுதி விடைக்குரியதை மட்டும் நிறுத்திவிட்டேன், ஏனெனில் அந்த எண்ணைக் கண்டதுமே ஐயம் எழுந்திருக்க வேண்டும். அகலம் 4.85 மீட்டர் என்றால் அப்படிச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

கணக்கிடும் வேலைக்கு நான் விரிதாளைப் பயன்படுத்துகிறேன். மாணவர் எழுதிய சமன்பாட்டின் மூன்று கெழுக்களை A2, B2, C2 கட்டங்களில் இட்டால் அவருக்கு வந்திருக்க வேண்டிய மூலம் கிடைத்துவிடும்:

```
=(-B2+SQRT(B2^2-4*A2*C2))/(2*A2)
```

முதல் மாணவருக்கு 1, 5, −26 என்று இட்டால் 3.1789 வரும். முழு மதிப்பிலிருந்து சுற்றளவைக் கண்டால் 39.07, அவர் 3.18 என்று முழுமையாக்கியதால் 39.08. ஒருவர் 3.2 என்றே முழுமையாக்கியிருந்தால் 39.2 வரும். முன்கூட்டியே முழுமையாக்கியதால் வந்த வேறுபாட்டைப் புதிய பிழை என்று நினைத்து இன்னொரு மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.

வளர்மதி

மிக்க நன்றி. இப்போது மேலும் ஒரு தாள் குழப்புகிறது. (அ) பகுதியில் முதல் மாணவரைப் போலவே 2(x + 5) என்று எழுதி, x = 3.18 வரை வந்தவர், (இ) பகுதியில் மட்டும் நீளத்தை 2x + 5 என்று சரியாக எடுத்து 11.36 என்று கண்டு, சுற்றளவு 29.08 என்று முடித்திருக்கிறார். இவருக்கு (இ) பகுதியில் என்ன தருவது?

ராஜன்

தன் தாளுக்குள்ளேயே முரண்படுகிறார். 3.18 × 11.36 என்பது 36 சதுர மீட்டரைச் சற்றே தாண்டுகிறது, 52 வரவில்லை. பிழையைத் தொடர்வதானால் அவர் 2x + 10-ஐத் தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். நீளத்திற்கான 1 மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

சிவப்புமை

நான் முழு 3 தருவேன். வினாவில் உள்ளபடி நீளத்தை எடுத்தவரை, முன்பு தவறாக எடுத்ததைத் தொடரவில்லை என்பதற்காகத் தண்டிப்பது தலைகீழாக இருக்கிறது. தொடர் மதிப்பெண் மாணவரைக் காப்பதற்கான ஏற்பாடு. பிழையிலேயே நிற்க வேண்டும் என்று அவரைக் கட்டுவதற்கானதன்று. ஆயினும் உங்கள் பள்ளியில் பலர் சேர்ந்து திருத்துகிறீர்கள் என்றால், ராஜன் ஐயாவைப் போல நினைக்கும் சிலர் கட்டாயம் இருப்பார்கள். எதுவாக இருந்தாலும் எல்லாக் கட்டுகளுக்கும் ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

வளர்மதி

கடைசியாக ஒன்று. ஒரு தாளில் (அ) பகுதியின் விடை 2x² + 5x + 52 = 0. (ஆ) பகுதியில் மூலக்குறிக்குள் 441, x = 4, பிறகு சுற்றளவு 34. எல்லாமே சரியான விடைகள், ஆனால் அவருடைய சமன்பாட்டிலிருந்து 4 வரவே முடியாது.

சிவப்புமை

441-க்கு முந்தைய வரியைப் பாருங்கள். அவர் சமன்பாட்டின்படி 25 − 416 = −391, அதற்கு மெய் மூலமே இல்லை. அந்த வரியில் 25 − 4(2)(−52) என்று இருந்தால், அவர் மனத்தில் −52 தான் இருந்திருக்கிறது. (அ) பகுதியில் குறியை எழுதும்போது நழுவிவிட்டது. அங்கே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு மற்றதைத் தந்துவிடலாம். 25 − 416 = 441 என்று எழுதியிருந்தால், தெரிந்த விடைக்கு ஏற்பக் கணக்கு வளைக்கப்பட்டிருக்கிறது; 441-க்கும் 4-க்கும் மதிப்பெண் இல்லை.

வளர்மதி

அந்த வரியே இல்லை ஐயா. சமன்பாட்டுக்கு அடுத்து நேராக x = (−5 ± √441)/4 என்றுதான் இருக்கிறது.

பாத்திமா

அப்படியானால் நான் (ஆ) பகுதியின் செய்முறை மதிப்பெண்ணை நிறுத்திவிட்டு, (இ) பகுதிக்கு முழுவதும் தருவேன். 4-இலிருந்து 34 வந்த வழி சரிதானே.

ராஜன்

நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். 25-ஐயும் 416-ஐயும் கூட்டாமல் 441 வராது. கூட்ட வேண்டும் என்று தெரிந்தவருக்கு −52 தெரிந்தே இருந்திருக்கிறது. ஐயத்தின் பலனை மாணவருக்கே தர வேண்டும்.