நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பினால் ‘டொக்’: ஸ்ட்ரட் மவுண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

காட்பாடி, காந்தி நகரிலிருந்து:

நண்பர்களே, வணக்கம். வண்டிப் பழுதுகள் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் குறிப்பில் ஒரு சொல்லுக்காக இரண்டு நாளாக நிற்கிறேன். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் சின்ன கார் ஒன்பது வயது, 82,000 கிலோமீட்டர் ஓடியது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்க, நின்றபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடது முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு அடி. இன்னும் அரைச் சுற்று திருப்பினால் மறுபடி ஒன்று. ஓடும்போது சத்தமே இல்லை. ஒரு பட்டறையில் லிஃப்டில் தூக்கிப் பார்த்து, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் காய்ந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் மாற்றினார்கள். பணம் போனது, டொக் போகவில்லை. பிறகு வேறொருவர் பார்த்து, ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிணைக்கும் மவுண்ட்டின் பேரிங் இறுகிவிட்டது என்றார். அதை மாற்றியதும் நின்றது.

பால் ஜாயிண்டுக்குப் ‘பந்துமூட்டு’ என்று போட்டுவிட்டேன். மவுண்ட்டுக்கு? ‘மேல்தாங்கி’ என்றால் அது சுழல வேண்டிய பொருள் என்பதே தெரியாமல் போகிறது. சுழலாததுதானே இங்கே கோளாறே!

ஆற்காட்டிலிருந்து:

எனக்கும் இதே சத்தம்தான் வந்தது. யூ டர்ன் அடிக்கும்போது டக் டக் டக் என்று கேட்கும். ஆக்ஸில் ஜாயிண்ட் மாற்றினேன், சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். சொல்லுக்கு ‘அச்சுமூட்டு’ பொருந்துமே.

ராணிப்பேட்டை, பட்டறைக்காரர்:

ஆற்காட்டு அண்ணே, உங்களுடையது வேறு நோய். ஆக்ஸில் சுற்றினால்தான் அந்த ஜாயிண்ட் டக் டக் என்னும். நிற்கிற வண்டியில் ஆக்ஸில் எங்கே சுற்றுகிறது?

காட்பாடி சார் வண்டியில் நடந்தது இதுதான். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சக்கரத்தோடு திரும்ப வேண்டும். அதற்குத்தான் மேலே பேரிங். அதில் தூசியும் தண்ணீரும் புகுந்து கிரீஸ் காய்ந்துவிட்டால், ஸ்பிரிங்கின் கீழ்ப்பக்கம் திரும்பும், மேல்பக்கம் அப்படியே நிற்கும். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய், தாங்க முடியாத இடத்தில் பேரிங் விட்டுக்கொடுக்கும். அப்போது விழுகிற அடிதான் உங்கள் டொக். நான் கழற்றிப் பார்த்த சிலவற்றில் கிரீஸ் இருந்த இடத்தில் பாலாற்று மணல் மாதிரி ஒரு சேறுதான் இருந்தது.

நின்றால் மட்டும் ஏன் என்றால், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கிறது. அதனால் அதிக பலம் போகிறது, பேரிங்கின் மேல் வண்டியின் பாரமும் இருக்கிறது. லிஃப்டில் தூக்கினால் அந்த பாரம் போய்விடும், டயரும் காற்றில் திரும்பும். சத்தம் பல நேரம் வராது. உங்களை முதலில் பார்த்த பட்டறை தவறியது அங்கேதான்.

நான் செய்வது: வண்டி தரையிலேயே நிற்க, ஒருவர் மெதுவாகத் திருப்ப, நான் சக்கர வளைவுக்குள் கைவிட்டு ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைப்பேன். நல்ல ஸ்பிரிங் சீராகத் திரும்பும். கெட்டது கொஞ்சம் நின்று, பிறகு கைக்குள்ளேயே குதிக்கும். விரல் இரண்டு சுருளுக்கு நடுவே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் ஜாயிண்ட் என்றால் அதன் மேல் விரல் வைத்ததும் கரகரவென்று அங்கேயே தெரியும். காய்ந்த பால் ஜாயிண்ட் பெரும்பாலும் கதவு மாதிரி முனகும். இப்படி ஒரே அடியாக அடிப்பது குறைவு.

குடியாத்தம், தமிழாசிரியர்:

கதவு என்றாரே, அங்கேயே சொல் இருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டுக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரச் சட்டத்திலேயே மேலும் கீழும் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். மேல்முளை நிலையின் துளையிலும் கீழ்முளை வாசற்படிக் குழியிலும் உட்கார்ந்து சுழலும். அதற்குப் பெயர் குடுமி. முனகினால் பாட்டி விளக்கெண்ணெய் விடுவார்.

உங்கள் காரிலும் அதே அமைப்புதானே? மேலே மவுண்ட், கீழே பால் ஜாயிண்ட், இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைச் சுற்றிச் சக்கரம் கதவுபோல் திரும்புகிறது. அப்படியானால் மேல்குடுமி, கீழ்க்குடுமி. முழு எடையும் கீழ்க்குடுமியில் இறங்குவதால் அது முதலில் தேய்வதும் இயல்பு. எண்ணெய் விட்டாலே போதாதோ?

ராணிப்பேட்டை, பட்டறைக்காரர்:

ஐயா, சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. எடை விஷயம் மட்டும் தலைகீழ். கதவில் பாரம் கீழே, மேல்முளை சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வகை ஸ்ட்ரட்டில் வண்டியின் பாரம் ஸ்பிரிங் வழியாக மேல் மவுண்ட்டில் இறங்குகிறது. கீழே இருக்கும் பால் ஜாயிண்ட் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து, பிரேக் போடும் இழுப்பைத் தாங்குகிறது. ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் மேல் உட்காரும் பெரிய வண்டிகளில் நீங்கள் சொன்னது சரி.

எண்ணெய் வேண்டாம். பேரிங்கில் மிச்சமிருக்கும் கிரீஸையும் அது கரைத்துவிடும், பக்கத்து ரப்பரையும் ஊதவைக்கும். இரண்டு நாள் அமைதி, பிறகு பழைய கதை. பால் ஜாயிண்டில் சந்தேகம் என்றால் ரப்பர் உறைக்குள் ஊசியால் கொஞ்சம் கிரீஸ் ஏற்றிப் பார்ப்பது உண்டு. சத்தம் அடங்கினால் குற்றவாளி அதுதான். ஆனால் உறையில் ஓட்டை விழுந்துவிட்டதால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். அது சோதனை, வைத்தியம் இல்லை.

இன்னொன்று. மேல் மவுண்ட் கெட்டால் பெரும்பாலும் சத்தமும் கனமான ஸ்டீயரிங்கும்தான். பால் ஜாயிண்ட் தளர்ந்து கழன்றால் சக்கரமே விரிந்து படுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வாரோ என்றுதான் பார்க்கிறேன்.

காட்பாடி, காந்தி நகரிலிருந்து:

அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆகவே கீழே ‘பந்துமூட்டு’ இருக்கட்டும், மேலே மட்டும் ‘குடுமி’ என்று யோசிக்கிறேன். ‘குடுமி இறுகிவிட்டது’ என்றால் நோயும் சேர்ந்தே புரிகிறது. என் வண்டியில் மவுண்ட்டின் ரப்பர் நன்றாகத்தான் இருந்தது, பேரிங் மட்டும் கையால் சுற்ற முடியாத அளவு துருப்பிடித்திருந்தது. ஆக ரப்பருக்குத் தனியாக ‘குடுமி மெத்தை’, பேரிங்குக்குக் ‘குடுமித் தாங்கி’ என்று பிரிக்கலாமா? கடையில் இரண்டையும் தனித்தனியாகவே கேட்டு வாங்கினேன்.

ஆற்காட்டிலிருந்து:

சரி, ஆக்ஸிலை விட்டுவிடுகிறேன். ஆனால் கடைக்குப் போய் ‘குடுமி கொடுங்கள்’ என்று நீங்கள் கேளுங்கள், நான் தள்ளி நின்று பார்க்கிறேன். விடுமுறைக்கு வந்திருக்கும் என் பேரனிடம் சொன்னேன், காருக்குத் தலைமுடி எங்கே என்கிறான். ‘சுழல்தலை’ என்றால் என்ன?

குடியாத்தம், தமிழாசிரியர்:

எடை பற்றிய திருத்தத்துக்கு நன்றி. பேரனுக்கு ஒரு பழைய கதவைக் காட்டுங்கள், சிரிப்பு நின்றுவிடும். ‘சுழல்தலை’ என்றதும் எனக்கு மின்விசிறிதான் நினைவுக்கு வருகிறது. அதோடு தலை முழுவதும் சுழல்கிறதா என்ன?

ராணிப்பேட்டை, பட்டறைக்காரர்:

இல்லை. மேலே பாடியில் போல்ட் போட்ட பகுதி அசையாது. அதற்குக் கீழே ஸ்பிரிங் உட்காரும் தட்டுதான் பேரிங்கில் சுழல்கிறது. அதனால் ‘தலை’ எனக்கும் ஒட்டவில்லை.

எந்தப் பெயர் வைத்தாலும் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் சார். ஸ்பிரிங்கை இறுக்கும் கருவி போடாமல் நடு நட்டைக் கழற்றக் கூடாது. அழுத்தி வைத்த ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வந்தால் முகத்தில்தான் அடிக்கும். மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும், ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றினால் சாய்வு மாறக்கூடும்.

என் பையன்களிடம் நாளையிலிருந்து ‘குடுமி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். அவர்கள் வாயில் ஒட்டுகிறதா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.