டொரன்டோவில் மூன்று தொழில்முறைச் சந்திப்புகளுக்குப் போயும் பயனில்லை: எந்தச் சங்கத்தில் சேர்வது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தவர்: பாலக்காட்டு எல்லையிலிருந்து டொரன்டோவுக்கு வந்து பத்து வாரங்கள் ஆகின்றன. மூன்று சந்திப்புகளில் அறுபது பேருக்காவது அட்டை கொடுத்தேன். ஒருவரும் திரும்ப எழுதவில்லை. கையிருப்பு நான்கு மாதத்திற்குத்தான் வரும். எந்தச் சங்கத்தில் பணம் கட்டினால் வேலை கிடைக்கும்?

சித்தூர்க்காரர்: தம்பி, 2009-இல் நான் வந்தபோது ஆறு மாதம் கிடங்கில் பெட்டி தூக்கினேன். அந்தப் பணத்தை வாடகைக்கு வையுங்கள். கனடா அனுபவம் இல்லாமல் எந்தத் தொழிலிலும் உரிமம் தரமாட்டார்கள்.

மார்த்தாண்டத்து அக்கா: நம் ஊர்ச் சங்கங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், தமிழ்ச் சங்கத்திலும் மலையாளிகள் சங்கத்திலும் விழாவுக்கு அழைப்பார்கள், நன்கொடை கேட்பார்கள், வேலை என்றதும் பேச்சு மாறிவிடும். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஸ்கார்பரோவில் வசிப்பவர்: என்ன தொழில் என்று நீங்கள் சொல்லவேயில்லையே.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தவர்: மன்னிக்கவும். கோவையில் ஏழு ஆண்டுகள் பால வடிவமைப்பு செய்தேன்.

ஸ்கார்பரோவில் வசிப்பவர்: அப்படியானால் சித்தூர் அண்ணன் சொன்னது முன்பு சரி. ஆன்டாரியோவில் உரிமம் வழங்கும் பி.இ.ஓ. அமைப்பு, கனடா அனுபவம் வேண்டும் என்ற விதியை 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டது. நாற்பத்தெட்டு மாதப் பணி அனுபவம் மட்டும் இன்னும் வேண்டும். பொறியாளர்களுக்காகக் குரல் கொடுக்கும் ஓ.எஸ்.பி.இ. வேறு அமைப்பு; அதில் சேர்வதால் உரிமம் வராது.

நீங்கள் போன கூட்டங்களில் பெரும்பாலோரின் பெயர்ப்பட்டையில் நிறுவனத்தின் பெயர் இருந்ததா? இல்லையென்றால் அங்கே இருந்தவர்களும் உங்களைப் போல் வேலை தேடுபவர்களே. அதற்குப் பதிலாக, பி.இ.ஓ.வின் பகுதிக் கிளைகள் நடத்தும் தொழில்நுட்ப உரைகளில் வெளியாரை அனுமதிப்பவற்றுக்குப் போங்கள். பாலம் பற்றிய உரை என்றால், பனிக்காகச் சாலையில் தூவும் உப்பு கம்பியை அரிப்பதைத் தங்கள் வடிவமைப்பில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பேச்சாளரிடம் கேளுங்கள், இந்தியாவின் ஐ.ஆர்.சி. பால விதிகளில் பழகிய உங்களுக்கு இது உண்மையாகவே புதிய சிக்கல். இரண்டு நாளுக்குள் அந்தக் கேள்வியை நினைவூட்டி எழுதி, இங்குள்ள சி.எஸ்.ஏ. எஸ்6 பால விதிக்கு மாறியவர் யாருடனாவது இருபது நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். வேலை கேட்காதீர்கள், அவரிடம் இடமில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அனுபவம் கேட்டால் இன்னொருவரின் பெயராவது கிடைக்கும். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வேலை விஷயத்தில் உதவும் டிரையெக் அமைப்பு, அதே தொழிலில் இருப்பவரை வழிகாட்டியாக இணைத்துவிடும் திட்டம் நடத்துகிறது; அதிலும் விண்ணப்பியுங்கள்.

சித்தூர்க்காரர்: விதி மாறியது எனக்குத் தெரியாது. ஆனால் விதியை நீக்கினாலும் நேர்காணலில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஸ்கார்பரோவில் வசிப்பவர்: கேட்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அதனால்தான் நேர்காணலுக்கு முன்பே உள்ளே ஒருவர் உங்கள் வேலையை அறிந்திருக்க வேண்டும் என்கிறேன். தம்பி, அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தவர்: பெயருக்குக் கீழே 'பாலப் பொறியாளர்' என்று.

ஸ்கார்பரோவில் வசிப்பவர்: உரிமம் பெறும் வரை 'பொறியாளர்' என்ற சொல்லை இங்கே பட்டமாகப் போடக்கூடாது, சட்டம் அதைக் காக்கிறது, கூட்டத்தில் உரிமம் பெற்றவர்கள் உடனே கவனித்துவிடுவார்கள். 'பால வடிவமைப்பு, ஏழு ஆண்டுகள்' என்று மாற்றி அச்சிட்டுக்கொண்டு அடுத்த உரைக்குப் போங்கள்.