வாடகைக் கணக்கில் 7,700 ரூபாய் வித்தியாசம்: அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

மாடிவீடு, ராமமூர்த்தி நகர்

வணக்கம். பெங்களூரில் எங்கள் அம்மாவின் பெயரில் உள்ள வீட்டின் மாடிப் பகுதியில் ஒரு குடும்பம் 2024 மே முதல் குடியிருந்தது. 11 மாத ஒப்பந்தம் முடிந்து 2025 மார்ச் 31 அன்று காலி செய்கிறார்கள். வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் அந்த மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் என்று பத்திரத்தில் இருக்கிறது.

தம்பி தயாரித்துக் கொடுத்த கணக்குத் தாளில்தான் எல்லாவற்றையும் பதிந்து வருகிறோம். அது 26,200 ரூபாய் பாக்கி என்று காட்டுகிறது. குடியிருப்பவரோ, "மார்ச் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஜூனில் ஒருமுறை தாமதமானதற்கு 500 தர வேண்டும். மொத்தம் 18,500தான்" என்கிறார். அவர் பொய் சொல்கிறவர் அல்லர். ஜூன் மாதம் 11ஆம் தேதி பணம் வந்தது, மற்ற மாதங்களில் 3 அல்லது 4ஆம் தேதியே வந்துவிட்டது. ஜனவரியில் மட்டும் 14,800 அனுப்பினார். தண்ணீர் மோட்டார் பழுது பார்த்த 3,200 ரூபாயைக் கழித்துக்கொண்டதாகச் சொன்னார்.

தாளில் A மாதத்தின் முதல் தேதி, B வாடகை, C பணம் வந்த தேதி, D வந்த தொகை, E தாமதக் கட்டணம், F பாக்கி. 2ஆம் வரிசை மே மாதம், 3ஆம் வரிசை ஜூன். ஜூன் வரிசையில் உள்ள சூத்திரங்கள்:

```
E3: =IF(OR(C3>A3+4, F2+B3-D3>0), 500, 0)
F3: =F2+B3+E3-D3
```

7,700 ரூபாய் எங்கிருந்து வந்தது? வரும் ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கும்போது அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

சட்டம் தெரிந்தவன், இந்திரா நகர்

முதலில் ஒன்று. ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கியதே தவறு. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதிகமாக வாங்கியவர் தாமதக் கட்டணம் கேட்கவும் முடியாது. 500 ரூபாயையும் விட்டுவிட்டு, மார்ச் வாடகையை மட்டும் கழித்து 82,000 கொடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், மல்லேசுவரம்

மூன்று மாத வரம்பு தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. இந்த வீடு இருப்பது கர்நாடகத்தில். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வரம்பைச் சொல்கிறது. ஆனால் மாநிலம் அதைத் தன் சட்டமாக்கினால்தான் அது கட்டுப்படுத்தும். அட்வான்ஸ் கூடுதலாக இருப்பதால் தாமதக் கட்டணம் தானாக ரத்தாகிவிடும் என்பதும் சரியில்லை. இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். ஆனால் தாமதக் கட்டணத்துக்கு வரம்பே இல்லை என்று எண்ண வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகைதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமானதைத்தான் கேட்க முடியும்.

இப்போது தாளுக்கு வருவோம். நீங்கள் எழுதியதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஜூன் 11இல் பணம் வந்ததால் 500 விழுந்தது. அது சரி. அவர் அந்த 500ஐத் தரவில்லை, ஆகவே ஜூன் முடிவில் F கட்டத்தில் 500 நிற்கிறது. ஜூலை 3ஆம் தேதி 18,000 முழுதாக வந்தது. ஆனால் உங்கள் சூத்திரம் "பழைய பாக்கியும் இந்த மாத வாடகையும் சேர்த்து, வந்த தொகையைவிட அதிகமா?" என்று கேட்கிறது. 500 ரூபாய் அதிகம், எனவே ஜூலைக்கும் 500. ஆகஸ்டில் பழைய பாக்கி 1,000, மீண்டும் 500. ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதங்கள், ஒன்பது ஐந்நூறுகள், ஆக 4,500. வாடகையைச் சரியான தேதியில் கொடுத்தவரிடம், தாமதக் கட்டணத்துக்கே தாமதக் கட்டணம் வசூலித்துக்கொண்டிருக்கிறது இந்தத் தாள்.

மீதி 3,200 மோட்டார் பழுது. 4,500உம் 3,200உம் சேர்த்தால் உங்கள் 7,700.

மாடிவீடு, ராமமூர்த்தி நகர்

ஐயா, மிக்க நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். ஜூலையில் வந்த 18,000 ரூபாயில் முதலில் பழைய 500ஐ வரவு வைத்துக்கொண்டு, ஜூலை வாடகையில் 500 குறைகிறது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா? வங்கிக் கடனில் அப்படித்தானே செய்கிறார்கள் என்று தம்பி கேட்கிறான்.

ஓய்வுபெற்ற காசாளர், மல்லேசுவரம்

நல்ல கேள்வி. உங்கள் வழக்கின் முடிச்சே அதுதான். வங்கியின் கடன் பத்திரத்தில் எதை முதலில் வரவு வைப்பது என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வாடகைப் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். பணம் தருகிறவர் "இது இன்ன கடனுக்கு" என்று சொல்லித் தந்தால், அதை வாங்கிக்கொண்டவர் அந்தக் கடனில்தான் வரவு வைக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை, சூழ்நிலையிலிருந்தே புரிந்தாலும் போதும். எதுவுமே சொல்லாமல், சூழ்நிலையும் எதையும் காட்டாமல் கொடுத்தால்தான், எந்தக் கடனில் வரவு வைப்பது என்பதை வாங்குகிறவர் தீர்மானிக்கலாம். அது 60ஆம் பிரிவு.

அவர் யு.பி.ஐ. வழியாக அனுப்பும்போது குறிப்பில் என்ன எழுதினார்? ஒவ்வொரு மாதமும் நீங்கள் கொடுத்த ரசீதில் என்ன எழுதினீர்கள்? இரண்டையும் பாருங்கள்.

மாடிவீடு, ராமமூர்த்தி நகர்

பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் "ஜூலை வாடகை", "ஆகஸ்ட் வாடகை" என்று எழுதியே அனுப்பியிருக்கிறார். அம்மா கொடுத்த ரசீதுகளிலும் "ஜூலை மாத வாடகை ரூ. 18,000 பெற்றுக்கொண்டேன்" என்றுதான் இருக்கிறது. பத்திரத்தில் வரவு வைக்கும் வரிசை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஓய்வுபெற்ற காசாளர், மல்லேசுவரம்

அப்படியானால் விஷயம் முடிந்தது. ஜூலை வாடகை முழுவதும் பெற்றதாக உங்கள் அம்மாவே கையெழுத்திட்டிருக்கிறார். அந்த ரசீதை வைத்துக்கொண்டு ஜூலை வாடகையில் குறை என்று சொல்லவே முடியாது. 4,500ஐ நீக்கிவிடுங்கள்.

சூத்திரத்தை இப்படி மாற்றுங்கள். F பத்திக்கு அடுத்து, G என்று புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்து அதற்குச் "சரிக்கட்டல்" என்று பெயரிடுங்கள்:

```
E3: =IF(OR(C3>A3+4, D3+G3<B3), 500, 0)
F3: =F2+B3+E3-D3-G3
```

இனி தாமதக் கட்டணம் அந்த மாத வாடகையை மட்டும் பார்க்கும், பழைய பாக்கியைப் பார்க்காது. இரண்டையும் மார்ச் வரை கீழே இழுத்துவிடுங்கள்.

G பத்தி ஏன் என்றால், மார்ச் வாடகை 18,000ஐ D பத்தியில் "வந்தது" என்று எழுதக் கூடாது. அந்தப் பணம் வங்கிக்கு வரவே இல்லை. அப்படி எழுதினால் D பத்தியின் கூட்டுத்தொகையும் வங்கிக் கணக்கு அறிக்கையும் ஒத்துப்போகாது, பிறகு எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மார்ச்சுக்கு G12இல் 18,000 எழுதுங்கள், அதே தேதியில் அட்வான்ஸ் கணக்கில் 18,000 குறையுங்கள். அட்வான்ஸுக்குத் தனித் தாள் வேண்டும். அது அவருடைய பணம், உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். கழித்துக்கொள்ள அம்மா எப்போது சம்மதித்தார்? மார்ச் 5க்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் மார்ச்சுக்கும் 500 கேட்க இடமிருக்கிறது.

மாடிவீடு, ராமமூர்த்தி நகர்

பிப்ரவரி கடைசி வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் "சரி" என்று எழுதியிருக்கிறார். ஆகவே அது இல்லை.

வாடகைதாரர், ஒயிட்ஃபீல்டு

என் வீட்டுக்காரர் ஐந்து மாத அட்வான்ஸைக் காலி செய்து இத்தனை நாளாகியும் தரவில்லை. கேட்டால் பெயிண்ட், சுத்தம் செய்ததற்கு என்று மாதம் ஒரு கணக்கு சொல்கிறார். ரசீதும் தந்ததில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் இப்படித்தான். நீங்களாவது அவருக்கு முழு அட்வான்ஸையும் கொடுங்கள்.

அதோடு, அவர் வேலைக்குப் போகிறவர் என்றால் ரசீது மிகவும் முக்கியம். அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை பெற ரசீது கேட்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தேவை. ஜனவரிக்கு 14,800 என்றும் மார்ச்சுக்கு ரசீதே இல்லாமலும் விட்டால் அவருக்குத்தான் நஷ்டம். நான் அனுபவித்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர், மல்லேசுவரம்

அவர் அட்வான்ஸ் முழுவதையும் கேட்கவில்லை, தம்பி, மார்ச் வாடகையை அவரே கழிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் ரசீதைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கியமானது.

மார்ச் ரசீதில் "மார்ச் 2025 வாடகை ரூ. 18,000, அட்வான்ஸ் தொகையில் சரிக்கட்டப்பட்டது" என்று எழுதுங்கள். ஜனவரிக்கும் முழுத் தொகைதான்: "ரூ. 14,800 வங்கி வழியாக, ரூ. 3,200 மோட்டார் பழுதுச் செலவில் சரிக்கட்டப்பட்டது". யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணையும் ரசீதிலேயே குறியுங்கள். ஆனால் 3,200ஐ அம்மா ஏற்றுக்கொண்டால்தான் அப்படி எழுத முடியும். ஏற்கவில்லை என்றால் ஜனவரி வாடகையில் 3,200 குறை, புதிய சூத்திரம் அந்த மாதத்துக்கு ஒரு 500ஐயும் போடும். அப்போது அவர் தர வேண்டியது 22,200 ஆகிவிடும். அம்மாவிடம் கேளுங்கள்.

மாடிவீடு, ராமமூர்த்தி நகர்

கேட்டேன். மோட்டார் எங்களுடையது, கீழ்வீட்டுக்கும் அதுதான் தண்ணீர் ஏற்றுகிறது. "நீங்களே ஆளை வைத்துச் சரிசெய்யுங்கள்" என்று அம்மாதான் தொலைபேசியில் சொன்னாராம். பில்லும் 3,200க்கு இருக்கிறது. G10இல் எழுதிவிட்டேன்.

இப்போது தாள் காட்டும் பாக்கி 500. மார்ச் வாடகை 18,000, தாமதக் கட்டணம் 500 போக அட்வான்ஸில் மீதி 81,500. அவர் சொன்ன 18,500 சரியாக இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டேன், நிம்மதியடைந்தார்.

இன்னும் இரண்டு இருக்கின்றன. மார்ச் மாத மின்கட்டணப் பில் இன்னும் வரவில்லை. பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதுதான் பெங்களூர் வழக்கம் என்கிறார் அம்மா. அவரோ, 11 மாதத்தில் சுவர் அழுக்காகவில்லை என்கிறார்.

சட்டம் தெரிந்தவன், இந்திரா நகர்

தமிழ்நாட்டுச் சட்டம் என்பதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். பெயிண்டைப் பொறுத்தவரை அம்மா சொல்வது சரி. இங்கே எல்லோரும் ஒரு மாத வாடகை பிடிக்கிறார்கள். 18,000 பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், மல்லேசுவரம்

வழக்கம் இருப்பது உண்மை. ஆனாலும் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்த வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

மின்கட்டணத்துக்கு, சாவி வாங்கும் நாளில் இருவரும் மீட்டரைப் பார்த்து எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெஸ்காம் கடைசியாகக் கொடுத்த பில்லில் உள்ள எண்ணைக் கழித்தால் எத்தனை யூனிட் என்று தெரியும். முந்தைய பில்லை ஒட்டி ஒரு தொகையை நிறுத்திவைத்து, பில் வந்ததும் மீதியை அனுப்புங்கள். நிறுத்திவைத்த தொகையை அட்வான்ஸ் தாளில் "கழிவு" என்று எழுத வேண்டாம், "நிறுத்திவைப்பு" என்று தனியாக எழுதுங்கள்.

மாடிவீடு, ராமமூர்த்தி நகர்

பத்திரத்தில், "காலி செய்யும்போது வண்ணம் பூசும் செலவுக்காக ஒரு மாத வாடகை வரை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம்" என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர், மல்லேசுவரம்

"வரை" என்று இருக்கிறது பாருங்கள். 18,000 என்பது உச்சவரம்பு. பூசுவதற்கு உண்மையில் ஆகும் செலவைத்தான் பிடிக்கலாம், அதற்குப் பெயிண்டரின் பில் வேண்டும். பூசாமலே புதியவருக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தால், பிடிப்பதற்குச் செலவே இல்லை. 11 மாதத்துக்கு முழு வீட்டையும் பூச வேண்டுமா என்பதை வீட்டைப் பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மாடிவீடு, ராமமூர்த்தி நகர்

சனிக்கிழமை பெயிண்டரை அழைத்து வந்து, குடியிருப்பவரையும் வைத்துக்கொண்டே அறை அறையாகப் பார்க்கப் போகிறோம். கூடத்துச் சுவரில் மட்டும் ஆணி அடித்த இடங்கள் இருக்கின்றன. அதற்கு மட்டும் பிடிப்பதா, முழு வீட்டுக்குமா என்பதில் அம்மாவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதுவரை, 81,500இல் பெயிண்டுக்கு 18,000உம் மின்கட்டணத்துக்கு ஒரு தொகையும் நிறுத்திவைப்பாக எழுதி, மீதியை ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கும்போதே அனுப்பிவிடுகிறேன்.