அப்பாவின் கடன் பத்திரம்: ஒரு சந்தேகம்

வணக்கம். 2022 தொடக்கத்தில் அப்பாவுக்காக, 2032இல் முதிரும் 6.54 சதவீத அரசுக் கடன் பத்திரம் ஒரு லட்சத்துக்கு வாங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,270 ரூபாய் தவறாமல் வருகிறது. ஆனால் அந்த ஆண்டு மே முதல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்ற ஏற்ற, பத்திரத்தின் சந்தை விலை இறங்கியது. அப்பா பயந்தே போனார்.

நான் புரிந்துகொண்டது இதுதான்: புதுப் பத்திரம் 7.5 சதவீதம் தரும்போது நம்முடையதை யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள். சுமார் 93,500க்குக் கொடுத்தால்தான் வட்டியும், முதிர்வில் கிடைக்கும் கூடுதல் 6,500ம் சேர்ந்து அவர்களுக்கும் 7.5 கட்டுப்படியாகும். சரிதானே?

இப்போது மருத்துவச் செலவுக்காக விற்கவேண்டியிருக்கிறது. வட்டித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விற்றால், அதுவரை சேர்ந்த நான்கு மாத வட்டி விலையோடு சேர்ந்து எங்களுக்கு வருமா? விற்ற அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.