புதுப்பிப்பு: அப்பாவின் மறுமணமும் அம்மா பெயரில் இருக்கும் வீடும்

முன்பு இங்கே நான் கேட்ட கேள்வி: “அப்பா மறுமணம் செஞ்சா, இறந்துபோன அம்மாவோட வீடு புது மனைவிக்குப் போயிடுமா?”

முழுசாகப் போகாது. வீடு அம்மா சம்பாதித்து வாங்கியது, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா இறந்தபோதே அப்பா, அண்ணன், எனக்கு தலா 1/3 வந்துவிட்டது என்று இங்கே வக்கீல் சார் விளக்கினார். அப்பா உயில் எழுதாவிட்டால் அவர் பங்கு மட்டும் மறுபடி மூன்றாகும். புது மனைவிக்கு 1/9.

“மறுமணத்தால் பழைய உயில் ரத்து” என்று பதிலில் சொன்னார் ஒருவர். கிறிஸ்தவர்களுக்கு அப்படித்தான், இந்துக்களுக்கு இல்லை. பதிலில் தன் வீட்டுக் கதை சொன்ன அக்காவுக்கு: உங்கள் வீடு அப்பா பெயரில், கணக்கே வேறு.

புது மனைவி கடைசிவரை இந்த வீட்டிலேயே வசிக்க அப்பா உயில் எழுதலாம், இரண்டு சாட்சிகளோடு. ஆனால் அது அவர் பங்கைத்தான் கட்டுப்படுத்தும். மீதிக்கு எங்கள் சம்மதம் வேண்டும். அண்ணன் இன்னும் மசியவில்லை.