மனை வாங்கிக் கட்டுவதா, கட்டிய வீட்டை வாங்குவதா?

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் முதல்முறையாக வீடு வாங்கப் போகிறோம். கணக்கு எளிதாக இருக்க, பார்த்து வைத்திருக்கும் அடுக்கக வீட்டின் மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதே பகுதியில் மனை 40 ஆகும். அதே பரப்பில் வீடு கட்ட இன்றைய விலையில் 60 ஆகும். கையில் 30 இருக்கிறது. இப்போது ஆண்டுக்கு வாடகையாக 3 கொடுக்கிறோம், அதற்கு மேல் 6 மிச்சமாகிறது. கடன் சுமையே இல்லாமல், மனையை வாங்கிவிட்டு மிச்சமாகும் பணத்தைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

ராஜன் மாமா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கவிதா? மண்ணின் விலை ஏறும், கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேயும். அடுக்ககத்தில் உனக்குக் கிடைப்பது நான்கு சுவரும் சாவியும் மட்டுமே. மனையை வாங்கிப் போடு, வீடு தானாக வளரும்.

அருண் அண்ணா: முதலீடாகப் பார்த்தால் இரண்டுமே வேண்டாம் என்பேன். வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 3 தான் வரும் என்றால், அந்த 30-ஐ வேறு எதிலாவது போட்டு வைக்கலாம்.

கவிதா: அண்ணா, வாடகைக்கு விடுவதற்காக அல்ல, நாங்கள் குடியிருப்பதற்காகக் கேட்கிறேன்.

மூர்த்தி சித்தப்பா: ராஜன் அத்தான் சொல்வதில் பாதி சரி. மண்ணின் மதிப்பு கட்டடத்தைப் போலத் தேய்வதில்லை என்பது உண்மை. ஆனால் அடுக்ககத்திலும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு ஒன்று உண்டு, அது எவ்வளவு என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது கவிதாவின் கணக்கில் இல்லாத ஒரு செலவு. ஆண்டுக்கு 6 வீதம் கட்டினால் 60-க்கான வேலை முடியப் பத்து ஆண்டுகள் ஆகும். மனைக்குக் குறையும் 10-ஐ அடைக்கும் காலம் அதற்கு முன்னால் வரும். அந்தப் பத்து ஆண்டுகளில் மட்டும் வாடகையாகப் போவது 30, அதாவது கட்டடச் செலவில் சரிபாதி. பொருள்களின் விலையும் கூலியும் ஏறுவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கடன் இல்லை என்ற நிம்மதிக்கு வட்டிக்குப் பதிலாக வாடகை கொடுக்கிறாய், அவ்வளவுதான்.

ராஜன் மாமா: வாடகை எப்படியும் போகிற பணம், மூர்த்தி.

மூர்த்தி சித்தப்பா: அடுக்ககத்தை வாங்கினால் முதல் மாதத்திலேயே அது நின்றுவிடுகிறதே, அத்தான். 70 கடனை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 7.5 வரும், பராமரிப்புக் கட்டணம் அரை என்று வைத்தாலும் 8 தான். அவர்களால் இப்போதே 9 ஒதுக்க முடிகிறது.

வசந்தா அத்தை: பணக் கணக்கு எனக்குப் புரியாது, ஆனால் நிறுத்தி நிறுத்திக் கட்டுவது என்னவென்று எனக்குத் தெரியும். பின்னால் மாடி எடுக்கலாம் என்று எங்கள் மொட்டைமாடியில் பில்லர் கம்பிகளை நீட்டியபடியே விட்டார்கள். சில மழைக்காலங்கள் கழித்துப் படுக்கையறைக் கூரையில், சரியாகப் பில்லருக்குக் கீழே, தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வளையம் வந்தது. வெள்ளையடித்தால் மறையும், அடுத்த மழையில் முன்னைவிடப் பெரிதாக வரும். கட்டியவர் வந்து பார்த்துவிட்டு, ஈரம் தானாகக் காய்ந்துவிடும் என்று சொல்லிப் போனார்.

ராஜன் மாமா: அது கட்டியவரின் தவறு. மனை வாங்கியதன் தவறு இல்லை.

மூர்த்தி சித்தப்பா: கட்டியவர் வசந்தா அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கம்பியும் காங்கிரீட்டும் சேரும் இடத்தில் மழைநீர் தேங்கி, கம்பியை ஒட்டியே உள்ளே இறங்குகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியாக இன்னும் நீர் போகும். அதனால் கவிதாவிடம் நான் கேட்பது, எத்தனை ஆண்டுகளில் கட்டப் போகிறாய் என்பதல்ல, எந்த இடத்தில் நிறுத்தப் போகிறாய் என்பதே. பேஸ்மட்டம் போட்டு, சுவர்களுக்கு அடியில் சுற்றிலும் பெல்ட் பீம் ஓட்டி, உள்ளே மண் நிரப்பிக் கெட்டித்தபின் நிறுத்தலாம். அப்போது நீட்டி நிற்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி, சிமெண்ட் குறைவாகச் சேர்த்த காங்கிரீட்டால் மூடி வைக்க வேண்டும். அடுத்து, மேல்தளம் போட்டு, அதில் நீர் தேங்காதபடி வாட்டம் கொடுத்து, வெளிப்பூச்சும் முடித்தபின் நிறுத்தலாம். இந்த இரண்டுக்கும் நடுவில், சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் மழையில் நிற்பது மிக மோசமான நிலை. பணம் தீருவதோ பெரும்பாலும் அங்கேதான்.

கவிதா: சித்தப்பா, ஏற்கெனவே துருப்பிடித்த கம்பியை அப்படியே பயன்படுத்தலாமா என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

மூர்த்தி சித்தப்பா: கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார். செம்பொடி மட்டும் உதிர்ந்தால் பயமில்லை. செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியில் குழிகள் தெரிந்தால் எடையைப் பார்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.89 கிலோ இருக்கும். அதே கட்டிலிருந்து மிஞ்சிக் கிடக்கும் கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி, நன்றாகத் தேய்த்துவிட்டு நிறுத்துப் பார். கணிசமாகக் குறைந்திருந்தால், நிற்கும் கம்பியை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டாமல் மேலே போகாதே.

அருண் அண்ணா: அப்படியானால் சித்தப்பா அடுக்ககத்தையே வாங்கச் சொல்கிறீர்களா?

மூர்த்தி சித்தப்பா: இல்லை. மெதுவாகக் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மனைக்கு 10 கடன், கட்டடத்துக்கு 60 கடன் என்று வாங்கி ஓராண்டில் ஒரே மூச்சில் முடித்தால், கடன் அதே 70 தான். கட்டடக் கடனை வங்கி மொத்தமாகத் தராது, வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக விடுவிக்கும். ஆகையால் அந்த ஆண்டில் வட்டியும் வாடகையும் சேர்ந்து ஏறக்குறைய 6.6 ஆகும், அது 9-க்குள் அடங்கும். அந்த அளவு அடுக்ககத்தைவிடக் கூடுதல் செலவு. ஆனால் 40-க்கான முழு மண்ணும் உன் பெயரில் இருக்கும்.

கவிதா: அந்த 70 கடன்தான் எங்களைப் பயமுறுத்துகிறது.

மூர்த்தி சித்தப்பா: அப்படியென்றால் இன்னொரு வழி இருக்கிறது. மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரத்தை வடிவமைத்து, கீழே ஓர் அறை, கூடம், சமையலறை, குளியலறை மட்டும் முழுமையாக முடித்துக் குடிபோக வேண்டும். பாதிப் பரப்புக்குப் பாதிச் செலவு என்று நினைக்காதே. அஸ்திவாரம், கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர், மின் இணைப்பு எல்லாம் முதலிலேயே வந்துவிடுவதால் 60-இல் குறைந்தது 35 ஆகும். மொத்தக் கடன் 45, ஆண்டுத் தவணை 5-க்குச் சற்றுக் குறைவு. வாடகையும் நின்றுவிடுவதால் ஆண்டுக்கு 4 மிஞ்சும், அது பிறகு மாடிக்கு உதவும்.

வசந்தா அத்தை: மாடி வேலை நடக்கும்போது கீழே குடியிருப்பது தூசியோடும் சத்தத்தோடும் வாழ்வது, கவிதா. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அருண் அண்ணா: கட்டட அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, வங்கியும் இத்தனை காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும். மாடியையும் சேர்த்து ஒரே அனுமதி வாங்குவதா, தனித்தனியாகவா என்று முன்பே கேட்டுவிடு.

ராஜன் மாமா: எப்படிப் பார்த்தாலும் மனையில்தானே வந்து நிற்கிறது!

மூர்த்தி சித்தப்பா: நிற்கவில்லை, அத்தான். ஓராண்டு தினமும் வேலையிடத்துக்குப் போய்ப் பார்க்க அவர்கள் இருவரில் ஒருவருக்காவது நேரம் இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. இல்லையென்றால் அடுக்ககமே மேல் என்பேன்.

கவிதா: என் வேலை அதற்கு இடம் தராது, அவரிடம் கேட்க வேண்டும். மனையின் மண் பரிசோதனையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய விற்பவர் ஒப்புக்கொள்வாரா, சித்தப்பா?

மூர்த்தி சித்தப்பா: கேட்டுப் பார். அஸ்திவாரத்தின் ஆழம் மாறினால் உன்னுடைய 60 என்ற கணக்கே மாறிவிடும். அவர் மறுத்தால், பரிசோதனை முடிவைப் பொறுத்தே வாங்குவோம் என்று முன்பண ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்.